எந்தத் தரையிலிருந்து மூன்றடி?

ஒரு வீட்டின் ஜன்னலை மூன்று பேர் மூன்று வேறு காலத்தில் அளக்கிறார்கள். சுவர் இடுப்பளவு எழும்பியதும் கொத்தனார் வரிசையை நிறுத்தி ஜன்னலுக்கு இடம் விடுகிறார். ஆசாரி தன் பட்டறையில் இருந்தபடியே நிலைக்கு மரம் அறுக்கிறார். பூச்சு வேலை முடிந்து பல வாரம் கழித்து யூபிவிசி ஜன்னல் போடுகிறவர் டேப்போடு வருகிறார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வீடு முடிந்துவிடுவதும் உண்டு. இவர்கள் மூவரிடமும் ஒரே அளவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது, வரைபடத் தொகுப்பில் இருக்கும் ஓர் அட்டவணை. கட்டட வேலையில் அதை ஜாயினரி ஷெட்யூல் என்பார்கள். கதவு ஜன்னல் அட்டவணை என்றாலும் எல்லோருக்கும் புரியும். எந்தக் கதவு, எத்தனை, என்ன அளவு, ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தப் பொருள் என்பதையெல்லாம் கட்டம் போட்டு எழுதிய பட்டியல் அது.

நம் ஊர்களில் பலர் உள்ளாட்சி ஒப்புதலுக்காகப் போட்ட பிளானை வைத்தே வீட்டைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பிளானின் ஓரத்திலும் ஒரு சின்னப் பெட்டிக்குள் கதவு ஜன்னல் அளவுகள் இருக்கும். ஆனால் அது வீட்டுக்குப் போதுமான காற்றும் வெளிச்சமும் வருகிறதா என்று அதிகாரி பார்ப்பதற்காகப் போட்ட பெட்டி. பெரும்பாலும் அகலமும் உயரமும் மட்டும் இருக்கும். சில் உயரம் இருக்காது, நிலைச் சட்டத்தின் கனம் இருக்காது, கதவு என்ன வகை என்று இருக்காது. விட்டுப்போன ஒவ்வொன்றையும் அப்புறம் வேலை நடக்கும் இடத்தில் யாரோ ஒருவர் தன் பழக்கப்படி முடிவு செய்வார். கட்டுவதற்கான வரைபடத்தில் வரும் அட்டவணை, அந்த முடிவுகளை எல்லாம் செங்கல் வருவதற்கு முன்பே எடுத்துவிடுவது.

எப்படி எடுப்பது என்பதை ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம். கடலூர் போன்ற ஒரு கடலோர ஊரில், தரைத்தளம் மட்டும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை. மாடிப்படி வெளியே இருக்கிறது. முதல் வேலை அளவு எழுதுவது அல்ல, எண்ணுவது. பிளானை மேசையில் விரித்து, முன்வாசலில் தொடங்கி, சுவரை ஒட்டி வலப்பக்கமாகவே நடப்பதுபோல் விரலை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். சுவர் அறுபடும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி. இந்த வீட்டில் 15 புள்ளிகள் வரும். முன்வாசல் 1, படுக்கையறைக் கதவு 2, குளியலறைக் கதவு 2, சமையலறையின் பின்வாசல் 1, ஹால் ஜன்னல் 2, படுக்கையறை ஜன்னல் 3, சமையலறை ஜன்னல் 1, வென்டிலேட்டர் 2. இதோடு 14 ஆயிற்று. பதினைந்தாவது, ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழி. அதற்குக் கதவு கிடையாது; வெறும் திறப்பு. அதனாலேயே பல அட்டவணைகளில் அது விட்டுப்போகும். கதவு இல்லாவிட்டாலும் அதற்கு மேலே லிண்டல் வேண்டும், செங்கல் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும், ஓரங்களைப் பூச வேண்டும். கதவு போடாத திறப்புக்கும் ஒரு குறி கொடுத்து அட்டவணையில் ஏற்றுவதுதான் சரி.

அடுத்து குறி கொடுப்பது. முன்வாசலுக்கு எம்டி, மற்றக் கதவுகளுக்கு டி, டி1 என்றும், ஜன்னல்களுக்கு டபிள்யூ, டபிள்யூ1 என்றும், வென்டிலேட்டருக்கு வி என்றும் போடுவது நம் பக்கத்து வழக்கம். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒரே குறி உள்ள இரண்டு கதவுகளை இடம் மாற்றி மாட்டினாலும் எந்த வித்தியாசமும் தெரியக் கூடாது. படுக்கையறைக் கதவும் பின்வாசல் கதவும் இரண்டுமே மூன்றடிக்கு ஏழடிதான். அளவு ஒன்று என்பதால் இரண்டுக்கும் டி என்று போட்டு, எண்ணிக்கை 3 என்று எழுதிவிடுவது மிக எளிது. ஆசாரியும் அதைப் படித்து மூன்று பிளஷ் கதவு வாங்கிக்கொண்டு வருவார். பின்வாசலில் மாட்டிய பிளஷ் கதவு ஐப்பசி மழையில் நனைந்து, அடுத்த வருடமே அடியில் உப்பி, ஒட்டுப்பலகை பிரிய ஆரம்பிக்கும். வெயிலும் மழையும் படும் கதவு வேறு, அறைக்குள் இருக்கும் கதவு வேறு. அதனால் பின்வாசலுக்கு டி2 என்று தனிக் குறி வேண்டும். அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது; பொருள், வகை, நிலைச் சட்டம் எல்லாமே ஒத்தால்தான் ஒரே குறி.

இப்படிப் பிரித்தபின் அட்டவணை ஏறத்தாழ இந்த வடிவத்துக்கு வரும்:

| குறி | இடம் | எண் | அகலம் × உயரம் | சில் உயரம் | வகையும் பொருளும் |
|---|---|---|---|---|---|
| எம்டி | முன்வாசல் | 1 | 3½ அடி × 7 அடி | – | தேக்கு நிலை, தேக்குப் பலகைக் கதவு |
| டி | படுக்கையறை | 2 | 3 அடி × 7 அடி | – | வேங்கை நிலை, பிளஷ் கதவு |
| டி1 | குளியலறை | 2 | 2½ அடி × 7 அடி | – | நீர் தாங்கும் நிலையும் கதவும் |
| டி2 | பின்வாசல் | 1 | 3 அடி × 7 அடி | – | வேங்கை நிலை, மரப்பலகைக் கதவு |
| டபிள்யூ | ஹால் | 2 | 5 அடி × 4 அடி | 3 அடி | யூபிவிசி, கிரில்லுடன் |
| டபிள்யூ1 | படுக்கையறை | 3 | 4 அடி × 4 அடி | 3 அடி | யூபிவிசி, கிரில்லுடன் |
| கேடபிள்யூ | சமையலறை | 1 | 4 அடி × 3½ அடி | 3½ அடி | யூபிவிசி, கிரில்லுடன் |
| வி | குளியலறை | 2 | 2 அடி × 1½ அடி | 5½ அடி | கண்ணாடிப் பட்டை, கிரில்லுடன் |
| ஓ | ஹால் – சமையலறை | 1 | 3 அடி × 7 அடி | – | கதவில்லாத் திறப்பு |

இந்தக் கட்டங்களில் ஒரு சின்னக் கூட்டல் ஒளிந்திருக்கிறது. ஜன்னலின் உயரத்தையும் சில் உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஹாலில் 4 + 3. சமையலறையில் 3½ + 3½. குளியலறையில் 1½ + 5½. எல்லாம் 7. கதவின் உயரமும் 7. வீடு முழுக்க லிண்டலை ஒரே மட்டத்தில் பட்டையாகப் போடுவது நம் ஊர் வழக்கம் என்பதால், எல்லாத் திறப்புகளின் தலையும் அந்த ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். கூட்டுத்தொகை ஏழு வராத வரிசை இருந்தால், அங்கே தவறு இருக்கிறது. இல்லையென்றால் வேண்டுமென்றே உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்திருக்கிறார்கள், அதற்கான காரணத்தை அங்கேயே எழுதியிருக்க வேண்டும். அட்டவணை கையில் கிடைத்ததும் வீட்டுக்காரரே அரை நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

சில் உயரத்தை அறையின் வேலைதான் தீர்மானிக்கிறது. படுக்கையறையில் மூன்றடி வைத்தால் கட்டிலில் படுத்திருப்பவர் வெளியிலிருந்து தெரிய மாட்டார். மேசையும் ஜன்னலடியில் பொருந்தும். சமையல் மேடை தரையிலிருந்து பொதுவாக இரண்டே முக்கால் அடி உயரம். மேடைக்கு மேலே ஜன்னல் வருவதாக இருந்து, அதற்கும் மூன்றடி சில் கொடுத்தால், கல்லுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மிஞ்சுவது மூன்றங்குலம். தண்ணீரும் எண்ணெயும் ஜன்னல் சட்டத்திலேயே தெறிக்கும். சிங்க் குழாயைச் சுவரில் பதிக்க இடமே இருக்காது. அதனால்தான் மேலே மூன்றரை அடி.

இதுவரை எல்லாம் சரியாக எழுதியாயிற்று. இருந்தும் வீடு தவறாக வரலாம். மூன்றடி என்றால் எந்தத் தரையிலிருந்து மூன்றடி என்று அட்டவணை இன்னும் சொல்லவில்லை.

வரைகிறவர் மனதில் இருப்பது டைல்ஸ் ஒட்டிய பிறகு நாம் நடக்கும் தரை. கொத்தனார் சுவர் எழுப்பும் நாளில் அந்தத் தரையே கிடையாது. அவர் காலடியில் இருப்பது கான்கிரீட் தளம். அதற்கு மேலே இரண்டரை அங்குலம்போலக் கலவை, அரை அங்குலம்போல டைல்ஸ் என்று மூன்றங்குலம் பிற்பாடு ஏறப்போகிறது. வீட்டுக்கு வீடு இது கூடும், குறையும். கிரானைட் என்றால் இன்னும் கொஞ்சம் ஏறும். யாரும் சொல்லாவிட்டால் கொத்தனார் தன் காலடியிலிருந்துதான் அளப்பார். அதில் அவர் மேல் குற்றமில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தரை ஒன்றுதான்.

விளைவைப் பாருங்கள். கான்கிரீட்டிலிருந்து ஏழடியில் லிண்டல் போட்டாயிற்று. டைல்ஸ் ஒட்டியதும் அது ஆறடி ஒன்பது அங்குலம் ஆகிவிடும். நிலையின் மேல் சட்டம் மூன்றங்குலம் என்றால், கதவுக்கு அடியில் ஆள் நுழையும் உயரம் ஆறரை அடிதான். ஆறரை அடி இரும்பு பீரோவை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோக முடியாது. ஏழடி நிலைக்கென்று வாங்கி வைத்த கதவை மூன்றங்குலம் அறுக்க வேண்டிவரும். பலகைக் கதவென்றால் அடிச்சட்டம் மெலிந்து அழகு கெடும். பிளஷ் கதவென்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் விளிம்பில் இருக்கும் மரச் சட்டமே சில அங்குலம்தான், அதை அறுத்தெறிந்தால் கதவின் பலம் போய்விடும். ஜன்னல்களும் மூன்றங்குலம் இறங்கியிருக்கும். சமையலறை ஜன்னலின் சில் மூன்றேகால் அடியாகிவிடும். மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒன்பது அங்குலம் என்று கணக்குப் போட்ட இடத்தில் ஆறு அங்குலமே இருக்கும். குழாய்க்கென்று நினைத்த இடம் போயிற்று. இவ்வளவும் தெரியவருவது டைல்ஸ் ஒட்டிய அன்று. அப்போது லிண்டல் கான்கிரீட்டை இடிக்க யாராலும் முடியாது.

இதற்கு மருந்து, அட்டவணைக்குக் கீழே ஒரு வரி: 'எல்லா உயரங்களும் ஹாலின் முடிந்த தரை மட்டத்திலிருந்து, கான்கிரீட் தளத்துக்கு மேல் முடிந்த தரை 3 அங்குலம்.' ஹாலின் தரை என்று குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு. குளியலறைத் தரையைத் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கொஞ்சம் தாழ்த்திப் போடுவோம். வென்டிலேட்டரை அந்தத் தரையிலிருந்து அளந்தால் தலைமட்டம் மாறிவிடும். வீட்டுக்கு ஒரே தரைதான் அளவுகோல். வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருந்து, படியின் நடுமேடையில் ஜன்னல் வருமானால் மட்டும், அதன் சில் நடுமேடையிலிருந்து எவ்வளவு என்று தனியாக எழுத வேண்டும். அங்கே ஹால் தரையைச் சொன்னால் கொத்தனாரும் குழம்புவார்.

காகிதத்தில் எழுதியதைச் சுவரிலும் எழுத வேண்டும். நல்ல மேஸ்திரிகள் செய்வது இது. தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து, முடிந்த தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில், அதாவது கான்கிரீட் தளத்திலிருந்து மூன்றடி மூன்றங்குலத்தில், வீட்டின் எல்லாத் தூண்களிலும் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு தரையை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஹால் ஜன்னலின் சில் அந்தக் கோட்டிலேயே. சமையலறை சில் கோட்டுக்கு அரையடி மேலே. வென்டிலேட்டர் சில் இரண்டரை அடி மேலே. லிண்டலின் அடி கோட்டுக்கு நான்கடி மேலே. லிண்டலுக்குப் பலகை அடிக்கும் நாளில் வீட்டுக்காரர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், கோட்டிலிருந்து பலகை வரை நான்கடி இருக்கிறதா என்று நான்கு மூலையிலும் பார்த்துவிட்டால் போதும். கான்கிரீட் போடுவதற்கு முன்பு பலகையை ஏற்றுவது ஒரு மணி நேர வேலை.

சொல்லாமல் விட்ட இன்னொன்று: அளவு என்றால் எதன் அளவு? மூன்றடி என்பது சுவரில் விடும் இடமா, நிலையின் வெளி அளவா, கதவுப் பலகையா, ஆள் நுழையும் வழியா? நான்கும் வேறு வேறு எண்கள். நம் படுக்கையறைக் கதவையே எடுத்துக்கொள்வோம். நிலையின் வெளி அகலம் 36 அங்குலம். இரு பக்கக் கால்களும் முகத்தில் மும்மூன்று அங்குலம். நடுவே மிஞ்சுவது 30. கதவு உட்காருவதற்கு இரு கால்களிலும் அரை அங்குலம் காடி எடுத்திருப்பதால் கதவுப் பலகை 31. கதவைத் திறந்து நிறுத்தினால் அதன் கனமே இன்னும் ஓர் அங்குலம்போல வழியை அடைக்கும். ஆக, மூன்றடிக் கதவில் ஆள் போக உண்மையில் கிடைப்பது 29 அங்குலம்போல.

குளியலறையின் இரண்டரை அடிக் கதவில் இதே கணக்கைப் போட்டால் 23 அங்குலம்தான் மிஞ்சும். சக்கர நாற்காலிகள் பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் அகலம் உள்ளவை. மாற்றுத்திறனாளிகள் புழங்கும் வழிக்கு 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 35½ அங்குலம், தடையின்றி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கும் வீட்டில், அவர்களுடைய அறையின் குளியலறைக்கு மட்டுமாவது அகலக் கதவு போட இந்த அட்டவணைதான் கடைசி வாய்ப்பு. சுவர் எழுந்த பிறகு அந்த ஓரடியை வாங்குவது பெரும்பாடு.

மர நிலைகளைச் சுவரோடு சேர்த்து நிறுத்திக் கட்டுவதால், நிலையின் வெளி அளவும் சுவரில் விடும் இடமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். யூபிவிசி, அலுமினியத்துக்கு அப்படி அல்ல. ஐந்தடி இடம் விட்டு, பூச்சு பூசி, ஓரங்களில் கிரானைட் ஒட்டியபின், அதில் நுழையக்கூடிய ஜன்னல் இரண்டு மூன்று அங்குலம் குறைந்திருக்கும். அட்டவணை எண்ணை அப்படியே கடைக்கு அனுப்பி ஆர்டர் கொடுத்தால் ஜன்னல் உள்ளே போகாது. 'மரத்துக்கு எழுதியிருப்பது நிலையின் வெளி அளவு. யூபிவிசிக்கு எழுதியிருப்பது சுவர்த் திறப்பு, ஓரக்கல் ஒட்டியபின் அளந்து ஆர்டர் செய்யவும்' என்பது இரண்டாவது அடிக்குறிப்பு.

பொருள் என்ற கட்டத்தில் மரத்தின் பெயரை மட்டும் எழுதினால் விலையை ஒப்பிட முடியாது. மர நிலைக்கு விலை கன அடிக் கணக்கில். படுக்கையறை நிலைக்குக் கால்கள் ஏழேகால் அடி வேண்டும்; அந்தக் கூடுதல் மூன்றங்குலம் தரைக்குள் புதைவதற்கு. இரண்டு கால், மூன்றடி மேல் சட்டம், மொத்தம் பதினேழரை அடி. சட்டம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்றால் 17½ × 5 × 3 ÷ 144, அதாவது 1.82 கன அடி. அதையே 4-க்கு 3 என்று அறுத்தால் 1.46. ஒரு நிலைக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கன அடி வித்தியாசம். இரண்டு ஆசாரிகள் 'வேங்கையில் மூன்றடி நிலை' என்று இரண்டு விலை சொல்லும்போது, குறைந்த விலை சொன்னவர் மெலிந்த சட்டத்தை மனதில் வைத்திருக்கலாம். சட்டத்தின் கனத்தை எழுதும்போது அது அறுத்த அளவா, இழைத்த அளவா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இழைப்பில் கால் அங்குலம்போலக் குறையும். 5-க்கு 3 என்று கேட்டுவிட்டு, வந்த மரம் நாலே முக்கால்தான் இருக்கிறது என்று சண்டை போடுவது பட்டறைகளில் அன்றாடம் நடக்கிறது.

இனி ஜன்னல் அளவு போதுமா என்று பார்ப்போம். அட்டவணை முடிந்தபின் பல பேர் இதைப் பார்ப்பதில்லை; ஆனால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த தட்பவெப்பத்தில், ஓர் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஜன்னல் சட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், கதவைச் சேர்க்கக் கூடாது. கடலூர் வீடு இந்தக் கணக்கில்தான் வரும். ஹால் 12-க்கு 15, அதாவது 180 சதுர அடி. 30 வேண்டும், இரண்டு டபிள்யூ ஜன்னல் சேர்ந்து 40 தருகிறது. இரண்டாவது படுக்கையறை 110 சதுர அடி. வேண்டியது 18 சொச்சம், இரண்டு டபிள்யூ1 சேர்ந்து 32. முதல் படுக்கையறை 12-க்கு 10, அதாவது 120 சதுர அடி. அதற்கு 20 வேண்டும். ஒரு பக்கம் குளியலறை, இன்னொரு பக்கம் ஹால், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர் ஒன்று என்பதால் அங்கே ஒரே ஒரு டபிள்யூ1தான். 16 சதுர அடி. நான்கு குறைகிறது.

அந்த ஜன்னலை டபிள்யூ ஆக மாற்றினால் 5 × 4, சரியாக 20. தீர்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் வகை என்ற கட்டத்தையும் பார்க்க வேண்டும். அங்கே வெறுமனே யூபிவிசி என்றுதான் எழுதியிருக்கிறோம். இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று நகரும் ஸ்லைடிங் ஜன்னல் என்றால், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். இருபது சதுர அடி ஜன்னலில் காற்று வருவது பத்து சதுர அடியில். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, புழுக்கமான இரவில் படுத்திருப்பவருக்குத்தான் குறை. ஒரே ஜன்னல் உள்ள அறைக்குக் கீல் வைத்து முழுக்கத் திறக்கும் ஜன்னலே நல்லது என்பது என் முடிவு. கிரில் உள்பக்கம் வந்தால் கதவு வெளியே திறக்க வேண்டும், கொசுவலை எங்கே வரும் என்பதையும் அதே கட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஹாலில் இரண்டு ஜன்னல் இருப்பதால் அங்கே ஸ்லைடிங் போடலாம். அப்படியானால் இரண்டும் ஒரே வகை இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு டபிள்யூ2 என்று புதுக் குறி.

இந்த ஒரு மாற்றம் எத்தனை இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். அட்டவணையில் டபிள்யூ1 எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகும். டபிள்யூ2 என்று ஒரு வரி கூடும். பிளானில் குறி மாறும். ஜன்னலின் இரு பக்கமும் உள்ள சுவர்த் துண்டுகளின் அளவு அரையரை அடி குறையும். வெளித்தோற்றப் படத்தில் ஜன்னல் அகலமாகும். சன்ஷேடும் ஓரடி நீளும். இவற்றில் ஏதாவது ஓர் இடத்தில் பழைய அளவு நின்றுவிட்டால், கொத்தனார் பிளானைப் பார்த்து நான்கடி விடுவார், கிரில் செய்கிறவர் அட்டவணையைப் பார்த்து ஐந்தடி செய்வார். மாற்றம் நடந்த ஒவ்வொரு தாளிலும் தேதியோடு திருத்த எண் போடுவதும், முரண்பட்டால் எந்தத் தாள் செல்லும் என்று முதல் தாளிலேயே எழுதிவிடுவதும் இதற்காகத்தான். கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்களில் அட்டவணை தானே உருவாகிவிடும், எண்ணிக்கை பிழைக்காது. ஆனால் சில் உயரத்தை யாரும் மாற்றாவிட்டால், மென்பொருள் தொடக்கத்தில் வைத்திருந்த உயரமே எல்லா ஜன்னலுக்கும் அச்சாகி வரும். வென்டிலேட்டருக்கும் சமையலறைக்கும் அதே எண் இருந்தால் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். ஏழு வருகிறதா என்ற கூட்டலை அங்கேயும் செய்ய வேண்டும்.

கடைசியாக மறுபடி எண்ணுவது. திருத்தங்கள் எல்லாம் முடிந்தபின், அட்டவணையின் எண்ணிக்கைக் கட்டத்தை மேலிருந்து கீழே கூட்டினால் 15 வர வேண்டும். அதே பென்சிலோடு பிளானைச் சுற்றி வந்தாலும் 15 வர வேண்டும். முடிந்தால் இதை வரைந்தவர் செய்யாமல் வேறொருவர் செய்வது நல்லது. தான் போட்ட பிளானில் விட்டுப்போனது தன் கண்ணுக்கு எளிதில் படாது.

வீடு கட்டத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேஸ்மென்ட் வேலை முடிவதற்குள் உங்கள் என்ஜினியரிடம் இந்த அட்டவணையைத் தனித் தாளாகக் கேட்டு வாங்குங்கள். தரை எது, அளவு எதன் அளவு என்ற இரண்டு அடிக்குறிப்புகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். பிறகு மூன்று நகல் எடுத்து, மேஸ்திரிக்கு ஒன்று, ஆசாரிக்கு ஒன்று, ஜன்னல் போடுகிறவருக்கு ஒன்று என்று உங்கள் கையாலேயே கொடுங்கள். நிலைக்கு முன்பணம் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.